ஹார்லிக்ஸின் விலையைப் பிரித்த கணக்கு

2020 ஏப்ரல் 1. நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. அன்றுதான் ஹார்லிக்ஸும் பூஸ்டும் விற்றுவந்த கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் கன்ஸ்யூமர் ஹெல்த்கேர் நிறுவனம் ஹிந்துஸ்தான் யூனிலீவரோடு சட்டப்படி இணைந்தது. கைமாறியது ரொக்கம் அல்ல, பங்குகள். கிளாக்ஸோ பங்கு ஒன்றுக்கு ஹிந்துஸ்தான் யூனிலீவர் பங்கு 4.39 என்ற விகிதத்தில் 18,46,23,812 புதிய பங்குகள் கொடுக்கப்பட்டன.

இந்த இணைப்பை 2018 டிசம்பரில் அறிவித்தபோது பத்திரிகைகள் எழுதிய தொகை 31,700 கோடி ரூபாய். இணைப்பு முடிந்த பிறகு கணக்கில் ஏறிய தொகை 40,242 கோடி ரூபாய். பங்குகளின் எண்ணிக்கையும் விகிதமும் மாறவில்லை, வாங்கிய கம்பெனியும் அதேதான். ஆனாலும் விலை 8,500 கோடி ரூபாய்க்கு மேல் கூடிவிட்டது.

யாரும் தப்புக் கணக்கு போடவில்லை. இடைப்பட்ட பதினாறு மாதத்தில் ஹிந்துஸ்தான் யூனிலீவரின் பங்கு விலை ஏறியிருந்தது. பங்கைக் கொடுத்து ஒரு தொழிலை வாங்கினால், கட்டுப்பாடு கைக்கு வரும் நாளில் அந்தப் பங்கு என்ன விலை போகிறதோ அதுதான் கொடுத்த விலை என்கிறது இந்தியக் கணக்கியல் தரம் 103. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாளின் விலையோ, போர்டு ஒப்புதல் கொடுத்த நாளின் விலையோ இங்கே செல்லாது. ஏப்ரல் 1 அன்று ஒரு பங்கு ஏறக்குறைய 2,180 ரூபாய். அதே ஆண்டு மே மாதம் கிளாக்ஸோ தன் பங்குகளைச் சந்தையில் விற்றபோது சுமார் 1,900 ரூபாய்தான் கிடைத்தது. அதற்காகக் கணக்கில் உள்ள விலையைக் குறைக்கவும் முடியாது.

கம்பெனி கம்பெனியை வாங்கும்போது ஆடிட்டர் சரிபார்க்கிற முதல் எண் இதுதான். கட்டுப்பாடு எந்த நாளில் வந்தது, அன்றைக்குக் கொடுத்ததன் மதிப்பு என்ன என்ற இரண்டு கேள்விக்கும் பத்திரத்தில் பதில் இருக்கும். பத்திரத்தில் பதில் இல்லாத வேலை இதற்குப் பிறகு வருகிறது. அந்த 40,242 கோடி எதற்காகக் கொடுக்கப்பட்டது?

தணிக்கைக்காரர்கள் இதைப் 'பர்ச்சேஸ் பிரைஸ் அலகேஷன்' என்பார்கள், சுருக்கமாக 'பிபிஏ'. கொடுத்த மொத்த விலையை வாங்கிய சொத்துகளுக்கும் ஏற்றுக்கொண்ட கடன்களுக்கும் பங்கிட்டு வைப்பது. ஆலை, இயந்திரம், சரக்கு, வங்கி இருப்பு ஆகியவற்றைப் பங்கிடுவதில் பெரிய சிரமம் இல்லை. பிராண்டு, வாடிக்கையாளர் உறவு, தொழில்நுட்பம், விநியோக ஒப்பந்தம் போன்றவை கையால் தொட முடியாத அருவச் சொத்துகள். விற்ற கம்பெனியின் ஏடுகளில் இவற்றில் பெரும்பாலானவை இருந்திருக்கவே இருக்காது. சொந்தமாக வளர்த்த பிராண்டைச் சொத்தாக எழுதிக்கொள்ளக் கணக்கியல் விதி விடுவதில்லை. நூறு ஆண்டுக்கு மேல் பெயர் எடுத்த ஹார்லிக்ஸும் அப்படித்தான். வேறொருவர் வாங்கும் நாளில்தான் அது முதன்முறையாக ஏட்டில் ஏறுகிறது.

எல்லாவற்றுக்கும் மதிப்புப் போட்ட பிறகும் கொடுத்த விலையில் ஒரு தொகை மிச்சம் நிற்கும். அதற்குப் பெயர் குட்வில். திறமையான பணியாளர்கள், இரண்டு கம்பெனிகளும் சேர்வதால் மிச்சமாகும் செலவு, நாளைக்கு வரப்போகும் வாடிக்கையாளர்கள் எல்லாம் இதற்குள் அடக்கம். கூடக் கொடுத்துவிட்ட பணமும் இதற்குள்தான் போய் ஒளிந்துகொள்ளும்.

ஹிந்துஸ்தான் யூனிலீவரின் இருப்புநிலைக் குறிப்பில் அதற்கு முந்தைய ஆண்டு வரை குட்வில் என்று இருந்தது சில பத்துக் கோடிகள்தான். இணைப்புக்குப் பிறகு அது 17,000 கோடியைத் தாண்டியது. மற்ற அருவச் சொத்துகள் 27,000 கோடி ரூபாய்க்கு மேல் போயின. அதில் பெரும்பங்கு ஹார்லிக்ஸ், பூஸ்ட் பிராண்டுகளுடையது. அந்த மாபெரும் நிறுவனத்தின் சொத்துப் பட்டியலில் பாதிக்கு மேல் இப்போது யாரும் தொட்டுப் பார்க்க முடியாதவை. அவை சரிதானா என்று கையெழுத்துப் போடுவது ஆடிட்டரின் பொறுப்பு.

ஆடிட்டர் இதை எப்படிச் சோதிக்கிறார்? மதிப்பீட்டாளர் கொடுத்த அறிக்கையை அவர் உடனே கையில் எடுப்பதில்லை. இந்தக் கம்பெனியை ஏன் வாங்கினார்கள் என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்கிறார். அதற்கான சான்று கொள்முதல் ஒப்பந்தத்திலும், போர்டு முன்னால் வைத்த விளக்கப் படங்களிலும், பங்குச் சந்தைக்கு அனுப்பிய அறிவிப்பிலும் கிடைக்கும். நிர்வாகம் அன்று மனம்விட்டுச் சொன்னது அவற்றில் இருக்கும், கணக்குக்காகச் சொன்னதல்ல. 'தென்னாட்டிலும் கிழக்கிலும் வீட்டுக்கு வீடு தெரிந்த பிராண்டு' என்று போர்டில் சொல்லிவிட்டு, மதிப்பீட்டு அறிக்கையில் பிராண்டுக்குச் சிறு தொகையும் குட்வில்லுக்குப் பெருந்தொகையும் வைத்தால் அந்த இரண்டும் பொருந்தாது. தேர்ந்த ஆடிட்டர் தேடுவது இந்தப் பொருத்தமின்மையைத்தான்.

ஹார்லிக்ஸ் விஷயத்தில் ஒப்பந்தங்களைப் படிப்பதே தனி வேலையாக இருந்திருக்கும். இந்தியாவில் ஹார்லிக்ஸ் பிராண்டின் உரிமையை கிளாக்ஸோ குழுமத்திடமிருந்து வாங்க ஹிந்துஸ்தான் யூனிலீவர் தனியாக 3,045 கோடி ரூபாய் கொடுத்தது. இணைப்புக்கான பங்குகள் வேறு, இந்தத் தொகை வேறு. இது தனியாக ஒரு சொத்து வாங்கியதா, அல்லது அதே கொள்முதலின் இன்னொரு துண்டா? ஒரே நோக்கத்தில் ஒரே பேச்சுவார்த்தையில் முடிந்தவற்றைச் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது தரம். ஆகவே பத்திரத்தின் பெயரோடு நிற்காமல் உள்ளே இருக்கும் நிபந்தனைகளைப் படித்தாக வேண்டும்.

இன்னொரு ஒப்பந்தமும் இருந்தது. கிளாக்ஸோவின் ஈனோ, க்ரோசின், சென்சோடைன் போன்ற பொருள்களை ஹிந்துஸ்தான் யூனிலீவர் தன் விநியோக வலை வழியாகக் கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடு. அருவச் சொத்து என்று ஒன்றை அங்கீகரிக்க அது சட்டத்தாலோ ஒப்பந்தத்தாலோ வந்த உரிமையாக இருக்க வேண்டும், அல்லது தனியே பிரித்து விற்கக்கூடியதாக இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று போதும். விநியோக ஒப்பந்தம் முதல் நிபந்தனைக்குள் வரும். அதனால் அது கொள்முதலோடு வந்த சொத்தா, அதற்கு எத்தனை ஆண்டு ஆயுள் என்று கேட்டாக வேண்டும். இந்த ஏற்பாடு 2023-இல் இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளப்பட்டது. பட்டியலில் இருக்கும் எண்களைச் சரிபார்ப்பது பழக்கமான வேலை. பட்டியலில் சேராமல் விடுபட்டது எது என்று தேடுவது சிரமமானது, பிபிஏ தணிக்கையில் பெரும்பாலான தவறு அங்கேதான் நடக்கிறது.

மதிப்பு எப்படிப் போடப்படுகிறது என்பதைச் சிறிய கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். ஒரு மசாலாப் பொடிக் கம்பெனியை இன்னொரு கம்பெனி 500 கோடி ரூபாய் கொடுத்து வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கடன் போக, ஆலை, சரக்கு, வரவேண்டிய பாக்கி எல்லாம் சேர்த்து 120 கோடி. மிச்சம் 380 கோடி எதற்கு?

முதலில் பிராண்டு. இதற்குப் பெரும்பாலும் பயன்படும் முறை 'ராயல்டி மிச்சம்'. இந்தப் பிராண்டு சொந்தமாக இல்லாவிட்டால் வேறொருவரிடம் வாடகைக்கு எடுத்து, விற்பனையில் ஒரு சதவீதத்தை ராயல்டியாகக் கட்டியிருக்க வேண்டும். சொந்தமாக இருப்பதால் அந்தப் பணம் மிச்சம். அப்படி ஆண்டாண்டு மிச்சமாகும் பணத்தின் இன்றைய மதிப்புதான் பிராண்டின் மதிப்பு.

அடுத்த ஆண்டு விற்பனை 300 கோடி, ராயல்டி 5 சதவீதம் என்றால் மிச்சம் 15 கோடி. 25 சதவீதம் வரி போக 11.25 கோடி. இந்தத் தொகை ஆண்டுக்கு 5 சதவீதம் வளரும், அதை 12 சதவீதக் கழிவு விகிதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும் என்றால், 11.25-ஐ இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 7 சதவீதத்தால் வகுத்தால் ஏறக்குறைய 160 கோடி வருகிறது.

இப்போது ஒரே ஒரு எண்ணை மாற்றிப் பார்க்கலாம். ராயல்டி 5-க்குப் பதில் 6 சதவீதம். பிராண்டின் மதிப்பு 193 கோடி ஆகிவிடுகிறது. அல்லது ராயல்டியை அப்படியே விட்டு வளர்ச்சியை மட்டும் 6 சதவீதமாக்கினால் 187 கோடி. எந்தப் பொய்யும் இல்லாமல், ஒரு சதவீதப் புள்ளியை நகர்த்தி முப்பது கோடி ரூபாயை உருவாக்கலாம். அதனால்தான் அறிக்கையின் கூட்டல் பெருக்கல் சரியாக இருக்கிறது என்பதோடு ஆடிட்டர் நிறுத்த முடியாது. அந்த 5 சதவீதம் எங்கிருந்து வந்தது?

பொதுவாக வரும் பதில், 'இதே துறையில் நடந்த உரிம ஒப்பந்தங்களின் சராசரி' என்பதுதான். அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் பல சமயம் நிலைமை புரியும். பொடிக் கம்பெனிக்கு ஒப்பாக வெளிநாட்டுச் சாக்லேட் பிராண்டும், உணவகச் சங்கிலியும், பத்தாண்டுக்கு முந்தைய ஒப்பந்தமும் இருக்கும். தகாதவற்றை நீக்கினால் சராசரி வேறாகிவிடும். அதற்கு மேல் ஒரு எளிய சோதனையும் உண்டு. மசாலாக் கம்பெனியின் செயல்பாட்டு லாபம் விற்பனையில் 15 சதவீதம் என்றால், 5 சதவீத ராயல்டி என்பது லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு. 6 சதவீதம் என்றால் ஐந்தில் இரண்டு பங்கு. ஆலையும் ஆளும் போட்டு, நஷ்டத்தையும் தாங்கி, லாபத்தில் ஐந்தில் இரண்டைப் பெயருக்காகவே கொடுக்க நிதானமுள்ள எந்த வியாபாரி சம்மதிப்பார்? வெறும் பெயருக்கு அவ்வளவு வலு உண்டு என்றால் அதைச் சந்தையில் காட்ட வேண்டும். பக்கத்து அலமாரியில் இருக்கும் பெயரில்லாப் பொடியைவிட இது எத்தனை ரூபாய் கூடுதலாக விற்கிறது என்று பார்க்கலாம்.

அடுத்து மொத்த வியாபாரிகளோடு உள்ள உறவு. மதிப்பீட்டாளர் இதற்கு 60 கோடி போட்டிருக்கிறார், பத்து ஆண்டு ஆயுள் என்கிறார். ஆண்டுக்குப் பத்தில் ஒருவர்தான் விலகிப்போவார் என்பது அவர் கணிப்பு. இதைச் சரிபார்க்க நிபுணர் தேவையில்லை. கடந்த ஐந்தாண்டு விற்பனை ஏட்டை எடுத்து, முதலாண்டில் வாங்கிய வியாபாரிகள் ஐந்தாம் ஆண்டிலும் வாங்குகிறார்களா என்று பெயர் பெயராகப் பார்க்கலாம். ஆண்டுக்கு ஐந்தில் ஒருவர் விலகியிருந்தால் பத்து ஆண்டுக் கணிப்பு நிற்காது. மதிப்பும் குறையும், ஆயுளும் குறையும். இப்படிப் பழைய ஏட்டோடு ஒத்துப்பார்க்கும் வேலையைப் பல கோப்புகளில் செய்வதே இல்லை. மதிப்பீட்டாளர் கொடுத்த பட்டியலையே சான்றாகக் கோத்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியலைக் கொடுத்ததே நிர்வாகம்தான் என்பதைத் தணிக்கைத் தரம் ஆடிட்டருக்கு நினைவூட்டுகிறது. நிர்வாகம் அமர்த்திய நிபுணரின் தகுதியையும் சார்பின்மையையும், அவர் பயன்படுத்திய அடிப்படைத் தரவையும் ஆடிட்டர் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

பிராண்டு 160, உறவு 60, ஆக 220 கோடி அருவச் சொத்து. இத்துடன் முடிந்துவிடுவதில்லை. கம்பெனிகளையே வாங்கும்போது, ஏட்டில் புதிதாக ஏறிய இந்த மதிப்புக்கு வருமான வரிக் கணக்கில் பெரும்பாலும் அடிப்படை இருக்காது. அதனால் பின்னாளில் வரப்போகும் வரிக்காக 25 சதவீதம், அதாவது 55 கோடி ரூபாயைக் கடனாக எழுத வேண்டும். 120-உடன் 220-ஐக் கூட்டி 55-ஐக் கழித்தால் 285 கோடி. கொடுத்தது 500. மிச்சமான 215 கோடி குட்வில். இந்த 215 கோடியில் 55 கோடி யாருடைய திறமைக்காகவும் கொடுத்த விலை அல்ல, வரிக் கணக்கின் எதிரொலியாகப் பிறந்த எண். ஹிந்துஸ்தான் யூனிலீவர் போன்ற பெரிய கணக்குகளிலும் குட்வில்லுக்குள் இப்படி ஒரு பகுதி இருக்கும். வெளியிலிருந்து ஏடு பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பது அபூர்வம்.

ஒவ்வொரு சொத்தையும் தனித்தனியே சோதித்த பிறகு ஆடிட்டரின் நிபுணர் குழு எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்துப் பார்க்கும். கொடுத்த விலையையும் எதிர்பார்க்கும் பணவரவையும் ஈடுகட்டினால் இந்தக் கொள்முதல் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஈட்டித் தரும் என்று கணக்கிடுவார்கள். அந்த விகிதம், இதே துறையில் முதலீட்டாளர்கள் எதிர்பார்க்கும் விகிதத்துக்கு அருகில் இருக்க வேண்டும். துறையின் எதிர்பார்ப்பு 12 சதவீதமாக இருக்க, இந்தக் கணக்கு 18 சதவீதம் காட்டினால், நிர்வாகம் கொடுத்த வருமானக் கணிப்பு மிகையாக இருக்கலாம். வாங்கியவருக்கு மட்டுமே கிடைக்கக்கூடிய செலவு மிச்சத்தையும் அதில் சேர்த்திருக்கலாம். அப்படிச் சேர்த்தது பிராண்டின் மதிப்புக்குள் ஏறக் கூடாது. நியாய மதிப்பு என்பது சந்தையில் உள்ள பொதுவான ஒரு வாங்குபவர் கொடுக்கும் விலை. குறிப்பிட்ட ஒரு கம்பெனியின் விநியோக வலையோடு சேர்வதால் மட்டும் கிடைக்கும் பலன் குட்வில்லுக்கு உரியது.

மாறாக, ஈட்டும் விகிதம் 8 சதவீதம்தான் என்று வந்தால் விலை அதிகமாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது, அல்லது கொடுத்த பங்கின் சந்தை விலை இடையில் ஏறிவிட்டது. பங்கைக் கொடுத்து வாங்கும் கொள்முதல்களில் இது அடிக்கடி நேரும். பங்கு விலை ஏறுவதால் ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றுகூட அதிகம் விற்கப்போவதில்லை. விலையில் கூடிய தொகை பெரும்பாலும் குட்வில்லில்தான் போய் உட்காரும். அறிவித்த நாளுக்கும் முடிந்த நாளுக்கும் இடையே 8,500 கோடி கூடிய ஒரு கொள்முதலில் குட்வில் 17,000 கோடியைத் தாண்டியதைப் படிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பிராண்டுக்கு எவ்வளவு, குட்வில்லுக்கு எவ்வளவு என்று இத்தனை சிரமப்பட்டுப் பிரிப்பது எதற்கு? ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றுவதுதானே என்று தோன்றலாம். வித்தியாசம் அடுத்தடுத்த ஆண்டுகளின் லாபத்தில் தெரியும். வாடிக்கையாளர் உறவுக்கு ஆயுள் உண்டு, அதனால் ஆண்டுதோறும் தேய்மானம் எழுத வேண்டும். மசாலாக் கம்பெனியின் 60 கோடியைப் பத்து ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 6 கோடி லாபத்திலிருந்து கழியும். இந்தியக் கணக்கியல் தரத்தில் குட்வில்லுக்குத் தேய்மானம் கிடையாது. ஆகவே உறவுக்குக் குறைத்துக் காட்டிக் குட்வில்லுக்குக் கூட்டிக் காட்டினால் நாளைய லாபம் அழகாகத் தெரியும். நிர்வாகத்துக்கு இந்தப் பக்கம் சாய ஆசை வருவது இயல்பு. ஆடிட்டர் எதிர்ப்பக்கம் நின்று பார்க்க வேண்டும்.

பிராண்டில் இன்னொரு வழியும் உண்டு. ஆயுள் இவ்வளவுதான் என்று சொல்ல முடியாத பிராண்டுக்குத் தேய்மானம் எழுத வேண்டியதில்லை. அதற்குப் பதில் ஒவ்வோர் ஆண்டும் மதிப்பு குறைந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஹிந்துஸ்தான் யூனிலீவர் தான் வாங்கிய இந்த ஊட்டச்சத்துப் பானப் பிராண்டுகளை அந்த வகையில்தான் வைத்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்து இரண்டு உலகப் போர்களையும் தாண்டி வந்த ஹார்லிக்ஸுக்கு முடிவு நாள் குறிக்க முடியாது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு முடிவின் எடையையும் பார்க்க வேண்டும். 27,000 கோடியை இருபது ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 1,350 கோடி. இணைந்த முதலாண்டான 2020-21-இல் நிறுவனத்தின் நிகர லாபம் ஏறக்குறைய 8,000 கோடி. 'ஆயுள் வரையறை இல்லை' என்ற ஒரு வரி லாபத்தில் ஆறில் ஒரு பங்கைக் கையாள்கிறது.

அந்த வரிக்கு ஆடிட்டர் ஆண்டுதோறும் சான்று கேட்க வேண்டும். விளம்பரச் செலவு தொடர்கிறதா, சந்தைப் பங்கு எப்படி இருக்கிறது, சட்டம் ஏதாவது மாறியிருக்கிறதா? 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவிலிருந்து நீக்கச் சொல்லி இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. அதே மாதம் ஹிந்துஸ்தான் யூனிலீவரும் ஹார்லிக்ஸ், பூஸ்ட் இடம்பெற்ற பிரிவின் பெயரிலிருந்து 'ஹெல்த்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. குழந்தைகளுக்கான பானத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பெற்றோர் கேட்கத் தொடங்கிய காலம் அது. இதனால் பிராண்டு மதிப்பிழந்துவிட்டது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் முடிவில்லா ஆயுள் என்று எழுதியிருக்கும் சொத்தை ஆண்டுதோறும் ஏன் புதிதாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

பார்க்கத் தவறினால், அல்லது பார்த்தும் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் கிராஃப்ட் ஹைன்ஸ் காட்டியது. 2015-இல் கிராஃப்டும் ஹைன்ஸும் இணைந்தபோது பழம்பெரும் உணவு பிராண்டுகள் பெரிய தொகைகளில் ஏட்டில் ஏறின. மக்களின் சாப்பாட்டுப் பழக்கம் மெல்ல மாறியது. 2019 பிப்ரவரியில் நிறுவனம் ஒரே அறிவிப்பில் 1,540 கோடி டாலரை மதிப்பிழப்பாக எழுதித் தள்ளியது. அதில் பாதிக்கு மேல் பிராண்டுப் பெயர்களுக்கு, முக்கியமாக கிராஃப்ட், ஆஸ்கர் மேயர் ஆகியவற்றுக்கு உரியது. மறுநாள் பங்கு விலை நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஏட்டில் ஏற்றிய எண்கள் அவை.

பிரிட்டனின் கரில்லியன் கதை இன்னும் கசப்பானது. அந்தக் கட்டுமான நிறுவனம் 2011-இல் ஈகா என்ற எரிசக்திச் சேவை நிறுவனத்தைச் சுமார் 30 கோடி பவுண்டுக்கு வாங்கியது. ஏட்டில் எழுதிய குட்வில் சுமார் 33 கோடி பவுண்டு. கொடுத்த விலையைவிடக் குட்வில் அதிகம் என்றால், வாங்கிய மற்ற எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் கடன்தான் மிஞ்சியது என்று பொருள். அதன் பிறகு சூரிய மின்சக்திக்கான அரசு உதவி குறைந்தது, ஈகா தொழில் நஷ்டத்தில் ஓடியது. ஆனாலும் ஏட்டில் குட்வில் குறையாமல் நின்றது. 2018 ஜனவரியில் கரில்லியன் திவாலானது. பிறகு விசாரித்த நாடாளுமன்றக் குழுக்கள் இந்தக் குட்வில்லைச் சுட்டிக்காட்டின. கரில்லியனைத் தணிக்கை செய்த கேபிஎம்ஜி நிறுவனத்துக்கு அந்தத் தணிக்கைகளின் குறைபாடுகளுக்காக 2023-இல் 2.1 கோடி பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. வேலையையும் ஓய்வூதியத்தின் ஒரு பகுதியையும் இழந்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

குட்வில் சோதனையில் இப்படிப் பெரிய தவறு நேர்வதற்கு ஒரு நுட்பமான காரணம் உண்டு. வாங்கிய தொழிலை வாங்கியவரின் பெரிய, லாபகரமான பிரிவோடு கலந்துவிட்டால், குட்வில்லைத் தனியே சோதிக்க முடியாது. பெரிய பிரிவின் லாபம் நஷ்டத்தை மூடிவிடும். ஆகவே பிபிஏ நடக்கும் அதே ஆண்டில், குட்வில்லை எந்தப் பிரிவுக்கு ஒதுக்குகிறார்கள் என்பதையும் ஆடிட்டர் கேட்க வேண்டும். அன்று கேட்காவிட்டால் பிறகு கேட்பதற்கு இடமே இல்லாமல் போகும்.

கால அவகாசத்திலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. கொள்முதல் நாளிலிருந்து ஓராண்டு வரை தற்காலிக எண்களைத் திருத்திக்கொள்ளத் தரம் இடம் கொடுக்கிறது. ஆனால் திருத்தம், கொள்முதல் நாளன்று ஏற்கெனவே இருந்து பின்னர் தெரியவந்த உண்மையாக இருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒரு பெரிய வாடிக்கையாளர் போய்விட்டால் அது புதிய நிகழ்வு, அந்த ஆண்டின் நஷ்டம். அதைத் 'திருத்தம்' என்று பெயரிட்டு உறவின் மதிப்பைக் குறைத்துக் குட்வில்லைக் கூட்டினால் நஷ்டம் லாபக் கணக்கைத் தொடாமலே மறைந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஆடிட்டருக்கு உதவுவது தேதிகள்தான். வாடிக்கையாளர் அனுப்பிய கடிதத்தின் தேதி, ஒப்பந்தம் முடிந்த தேதி, நிர்வாகம் முதலில் அறிந்த மின்னஞ்சலின் தேதி. 2020 ஏப்ரல் 1 போன்ற ஒரு நாளில் இது இன்னும் கடினம். ஊரடங்கு அன்று நடப்பில் இருந்தது, அது எத்தனை மாதம் நீளும் என்று யாருக்கும் தெரியாது. அன்றைய நாளில் விவரமறிந்த ஒரு வாங்குபவர் என்ன எதிர்பார்த்திருப்பார் என்பதை வைத்துத்தான் எண் போட வேண்டும், பின்னால் நடந்ததை வைத்து அல்ல.

பங்கு வைத்திருக்கும் வாசகர்கள் இதில் ஒரு பகுதியைத் தாங்களே பார்க்க முடியும். கம்பெனி வேறொரு கம்பெனியை வாங்கிய ஆண்டின் ஆண்டறிக்கையில் 'பிசினஸ் காம்பினேஷன்' என்ற குறிப்பைத் தேடுங்கள். கொடுத்த விலை, ஒவ்வொரு சொத்தின் மதிப்பு, குட்வில் என்று ஒரு சிறு அட்டவணை இருக்கும். குட்வில் மொத்த விலையில் எத்தனை பங்கு, பிராண்டுக்கு ஆயுள் வரையறுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு ஆடிட்டர் அறிக்கையில் 'முக்கியத் தணிக்கை விஷயங்கள்' என்ற பகுதியில் இந்தக் கொள்முதலைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் மதிப்பிழப்புச் சோதனைக் குறிப்பில் வளர்ச்சி விகிதமும் கழிவு விகிதமும் அச்சிடப்பட்டிருக்கும். விற்பனை சரிந்துகொண்டிருக்க, அந்த வளர்ச்சி விகிதம் மட்டும் ஆண்டுதோறும் மாறாமல் இருந்தால், பொதுக்குழுக் கூட்டத்தில் எழுந்து அது ஏன் என்று கேளுங்கள். கேட்கும் உரிமை ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் உண்டு.